தீர்ப்பன்று போட்ட காணொளியும் ஆறு நாள் கழித்துப் போட்டதும்

"அக்கா, எல்லாரும் போட்டுட்டாங்க. நாம மட்டும்தான் இன்னும் எழுதிக்கிட்டே இருக்கோம்."

2021 செப்டம்பர் 24 சாயங்காலம், சேத்தியாத்தோப்பில் எங்கள் அறையில் கேட்ட குரல் இது. கண்ணகி-முருகேசன் வழக்கில் அன்றுதான் கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் அந்த இருவரையும் கொன்றார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து ஒருவருக்கு மரண தண்டனை, பன்னிரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. எங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. சிதம்பரம் சாலையில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தொலைவில் நடந்தது. செல்போனை ஸ்டாண்டில் வைத்து அப்படியே பேசி, இரவு பத்து மணிக்குள் பதினான்கு நிமிடக் காணொளியை ஏற்றிவிட்டோம்.

2022 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதே வழக்கில் தீர்ப்பளித்து, மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்த முறை அவசரப்படவில்லை. தீர்ப்பின் பிரதி கைக்கு வந்து, படித்து, குறிப்பெடுத்து, ஆறாம் நாள்தான் போட்டோம். 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தபோது மூன்றாவது காணொளி.

ஒரே வழக்கு, ஒரே சேனல், பேசியவர்களும் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான். போட்ட வேகம்தான் வேறு. "சீக்கிரம் போட்டால்தான் பார்ப்பார்கள்" என்பது நம் எல்லாருக்கும் வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. அது உண்மையா என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்காது. பார்த்தோம். முதலில் தப்பாகப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதல் பார்வையில் தெரிந்தது இதுதான். தீர்ப்பன்று போட்ட காணொளிக்கு, எங்களைப் போன்ற சின்ன சேனல் அதுவரை காணாத பார்வைகள். ஆறாம் நாள் போட்டதற்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் யூடியூப் ஸ்டுடியோவில் Audience retention என்று ஒரு கோடு வருமே, எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுவது, அது நேர்மாறாக இருந்தது. அவசரக் காணொளியில் கோடு முதல் அரை நிமிடத்திலேயே பாதிக்கு விழுந்து, கடைசியில் தரையோடு தரையாகப் போயிருந்தது. நிதானக் காணொளியில் கோடு மெதுவாகத்தான் இறங்கியது. உடனே எங்களுக்குள் இரண்டு கட்சி. "பார்வைதான் முக்கியம், அடுத்த முறையும் அன்றே போடுவோம்" என்றது ஒன்று. "பாதியில் ஓடிப்போகிற கூட்டம் எதற்கு, நிதானமே தரம்" என்றது மற்றொன்று. இரண்டுமே தவறான முடிவு. ஏனென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் சேனலின் எண்களை அப்படியே வைத்தால் புள்ளிகள் தசமங்களாகிக் குழப்பும். அதனால் விளங்குவதற்காக முழு எண்களில் ஒரு எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம்.

காணொளி அ, தீர்ப்பு வந்த ஐந்து மணி நேரத்தில் போட்டது. ஏழு நாளில் 10,000 பார்வை. காணொளி ஆ, ஆறு நாள் கழித்துப் போட்டது. போட்டதிலிருந்து ஏழு நாளில் 3,000 பார்வை. இரண்டிலும் நமக்கு மிக முக்கியமான பகுதி எட்டாவது நிமிடத்தில் வருகிறது என்று வைப்போம். தண்டிக்கப்பட்ட பதின்மூன்று பேரில் இருவர் காவல்துறை அதிகாரிகள். விசாரித்த உள்ளூர்க் காவல்துறை, முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கைத் திருப்பியது. சிபிஐ வந்த பிறகுதான் அது மாறியது. இந்த வழக்கில் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். எட்டாவது நிமிடத்தில் அ-வில் எஞ்சியிருப்பவர்கள் 12 சதவீதம், ஆ-வில் 35 சதவீதம்.

இப்போது பெருக்குங்கள். அ-வில் அந்தப் பகுதியைக் கேட்டவர்கள் 1,200. ஆ-வில் 1,050. பத்தாயிரம், மூன்றாயிரம் என்று மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த வித்தியாசம், சொல்ல வந்த விஷயத்தைக் கேட்ட காதுகளை எண்ணும்போது ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. பார்வைகளின் எண்ணிக்கையும் சரி, சதவீதமும் சரி, தனித்தனியாக நம்மை ஏமாற்றும். அந்த நிமிடத்தை எட்டியவர்கள் எத்தனை பேர் என்ற பெருக்குத்தொகைதான் கேட்க வேண்டிய கேள்வி. காணொளி போடுவதற்கு முன்பே "இதில் கட்டாயம் போய்ச் சேர வேண்டிய நிமிடம் எது" என்று குறித்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. பிறகு கோட்டைப் பார்த்துவிட்டு நமக்கு வசதியான நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பது நேர்மையும் இல்லை.

கணக்கு இதோடு முடியவில்லை. அந்தப் பத்தாயிரம் பேர் யார்? ஸ்டுடியோவில் சந்தாதாரர்களையும் சந்தா செய்யாதவர்களையும் தனித்தனிக் கோடாகப் பிரித்துப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் அ-வைப் பார்த்தவர்களில் 2,000 பேர் நம் சந்தாதாரர்கள். அவர்களில் எட்டாவது நிமிடம்வரை வந்தவர்கள் 36 சதவீதம், அதாவது 720 பேர். மீதி 8,000 பேர் நம்மை அறியாதவர்கள். "கண்ணகி முருகேசன் தீர்ப்பு" என்று தேடியோ, வேறொரு செய்திச் சேனலின் காணொளிக்குப் பக்கத்தில் பார்த்தோ வந்தவர்கள். அவர்களில் எட்டாவது நிமிடத்தை எட்டியவர்கள் 6 சதவீதம், 480 பேர். ஆ-வில் சந்தாதாரர்கள் 2,500 பேர், அவர்களில் 37 சதவீதம் எட்டினார்கள், 925 பேர். புதியவர்கள் 500 பேர், அவர்களில் கால்வாசி, 125 பேர்.

சந்தாதாரர் எண்களை மட்டும் பாருங்கள். 36-ம் 37-ம். நம்மைத் தெரிந்தவர்கள் இரண்டு காணொளியையும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் 12-க்கும் 35-க்கும் இடையிலான அந்தப் பெரிய பள்ளம் எங்கிருந்து வந்தது? காணொளியின் தரத்திலிருந்து அல்ல. வந்த கூட்டத்தின் சேர்மானத்திலிருந்து. அவசரக் காணொளிக்குள் அறியாதவர்கள் ஐந்தில் நான்கு பேர், நிதானக் காணொளிக்குள் ஆறில் ஒருவர். அறியாதவர் எப்போதும் சீக்கிரம் எழுந்து போவார். தெருமுனைக் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவரையும் அரங்கக் கூட்டத்துக்குத் தேடி வந்தவரையும் ஒன்றாகக் கூட்டி சராசரி எடுத்து, "தெருமுனையில் பேசினவர் சரியாகப் பேசவில்லை" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

ஆகவே, வேகம் கோட்டை விழவைக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. வேகம் செய்தது புதியவர்களைக் கூட்டிவந்தது. 125 புதியவர்கள் கேட்க வேண்டியதை 480 புதியவர்கள் கேட்டிருக்கிறார்கள். "ஓடிப்போகிற கூட்டம் எதற்கு" என்று கேட்டவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். எங்களில் சிலர் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் கொஞ்சம் மேட்டிமைத்தனமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஏற்கனவே நம்மோடு இருப்பவர்களிடமே திரும்பத் திரும்பப் பேசுவது சுகமான வேலைதான்.

ஆனால் வேகத்தால் வந்த சேதம் ஒன்றும் கோட்டில் இருக்கத்தான் செய்தது. அதை நாங்கள் தேடிய இடம்தான் தப்பு. எல்லாரும் முதல் முப்பது நொடியைத்தான் பார்க்கிறார்கள். யூடியூப்பும் அரை நிமிடத்தில் இத்தனை பேர் மிச்சம் என்று அதைத்தான் தனியாக எடுத்துக் காட்டுகிறது. அந்த முதல் விழுக்காடு பெரும்பாலும் தலைப்புக்கும் முதல் வாக்கியத்துக்கும் இடையிலான ஒட்டாமையால் வருவது. "வணக்கம் தோழர்களே" என்று தொடங்கி, சேனலை அறிமுகப்படுத்தி, பெல் பட்டனை அழுத்தச் சொல்லி, நாற்பது நொடி கழித்து விஷயத்துக்கு வந்தால், அன்றே போட்டாலும் அடுத்த மாதம் போட்டாலும் புதியவர் போய்விடுவார். அதற்கு வேகத்தைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் தீர்ப்பு நாள் காணொளியில் ஆறாம் நிமிடத்தை ஒட்டி இன்னொரு சரிவு இருந்தது. அங்கே என்ன பேசினோம் என்று திரும்பக் கேட்டோம். கூச்சமாக இருந்தது. அன்றைக்குக் கையில் இருந்த தகவல் அவ்வளவும் ஐந்தரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. யாருக்கு என்ன தண்டனை, எப்போது நடந்த கொலை, எத்தனை ஆண்டு வழக்கு. அதற்குமேல் எங்களுக்கே ஒன்றும் தெரியாது. ஆனால் காணொளி பதினான்கு நிமிடம். மீதி நேரம் முழுக்கச் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லி, கோபப்பட்டு, கேள்வி கேட்டு நிரப்பியிருந்தோம். கோபம் பொய்யில்லை. ஆனால் கேட்கிறவருக்கு ஆறாம் நிமிடத்தில் புரிந்துவிடுகிறது, இவர்களுக்கு இதற்குமேல் தெரியாது என்று. சந்தாதாரர் கோட்டிலும் அந்த இடத்தில் அதே சரிவு. இதுதான் அடையாளம். புதியவர் கோட்டில் மட்டும் விழுந்தால் அது கூட்டத்தின் சேர்மானம். இரண்டு கோடும் ஒரே நொடியில் விழுந்தால் காணொளியில் அந்த இடத்தில் ஏதோ பழுது. அவசரத்தில் செய்த காணொளிகளில் அந்தப் பழுது பெரும்பாலும் தெரிந்தது தீர்ந்த இடத்தில்தான் இருக்கும்.

அதற்கு மருந்து தாமதம் இல்லை. ஐந்தரை நிமிடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதிகாரிகள் இருவர் தண்டிக்கப்பட்டது அன்று மாலையே செய்தியில் வந்துவிட்டது. அதை எட்டாவது நிமிடத்தில் வைக்காமல் ஒன்றரையாவது நிமிடத்தில் வைத்திருக்கலாம். நாடகத்தில் முடிச்சைக் கடைசியில் அவிழ்ப்பதுபோல முக்கியமானதைப் பின்னால் தள்ளும் பழக்கம் நமக்கு மேடையிலிருந்து வந்தது. மேடையில் ஆள் எழுந்து போக வெட்கப்படுவார். கைப்பேசியில் வெட்கம் கிடையாது.

சரி, இந்த ஒரு வழக்கை வைத்து வேகத்தைப் பற்றிப் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாமா? முடியாது. முதுகலையில் எங்களுக்குச் சமூகவியல் ஆராய்ச்சி முறை எடுத்த ஆசிரியர் கேட்டிருந்தால் மூன்று இடத்தில் சிவப்பு மை வைத்திருப்பார். முதல் சிவப்பு: 2021-ல் வந்ததும் 2022-ல் வந்ததும் ஒரே அளவுச் செய்தியா? பதினெட்டு ஆண்டு காத்திருந்த முதல் தீர்ப்புக்கு இருந்த கவனம் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு இருந்திருக்காது. ஆறு நாள் தாமதிக்காமல் அன்றே போட்டிருந்தாலும் பார்வை குறைந்திருக்கலாம். இது எங்கள் ஒரு வழக்கில் மட்டும் வரும் கோளாறு இல்லை. நாம் எல்லாருமே பெரிய செய்திக்குத்தான் அவசரப்படுகிறோம், சின்னச் செய்தியை ஆற அமரப் போடுகிறோம். பிறகு கணக்குப் பார்த்து "அவசரமாகப் போட்டதெல்லாம் ஓடியிருக்கிறது" என்கிறோம். ஓடியது செய்தி. வேகம் அதன் முதுகில் ஏறிப்போனது.

இரண்டாவது, காணொளியின் வயது. இன்றைக்கு உட்கார்ந்து மொத்தப் பார்வையைப் பார்த்தால் 2021-ல் போட்டதற்கு 2025-ல் போட்டதைவிட மூன்றரை ஆண்டுக்கு மேல் கூடுதலாக வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. எந்த இரண்டு காணொளியை ஒப்பிட்டாலும், போட்ட நேரத்திலிருந்து முதல் ஏழு நாள், முதல் 28 நாள், முதல் 90 நாள் என்று ஒரே வயதில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, சேனலின் வளர்ச்சி. இதற்கு எளிய வழி: அந்தக் காணொளிக்கு முந்தைய பத்துக் காணொளிகளின் ஏழு நாள் பார்வைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதி, ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் வருவதை எடுங்கள். அதற்கு எத்தனை மடங்கு இந்தப் புதிய காணொளி என்று எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள். பத்தில் ஒன்று எதிர்பாராமல் பறந்திருந்தால் சராசரி முழுவதையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் சிவப்பு மைக்குத்தான் நல்ல மருந்து கிடைப்பது கடினம். நாங்கள் இப்போது செய்வது ஒரு சின்ன வேலை. உடனடியாகச் சொல்லியே ஆக வேண்டிய செய்தியும் இல்லை, விட்டுவிடக்கூடியதும் இல்லை என்று நடுத்தரமாகச் சில வரும். ஒரு அரசாணை, ஒரு குழுவின் அறிக்கை, ஒரு நிதிநிலை அறிவிப்பில் நமக்கான ஒதுக்கீடு, இப்படி. அவற்றுக்கு நாணயம் சுண்டுகிறோம். தலை விழுந்தால் அன்றிரவே, பூ விழுந்தால் மூன்றாம் நாள். சிரிக்காதீர்கள். எந்தச் செய்திக்கு அவசரப்படுவது என்பதை நம் மனம் தேர்ந்தெடுக்கும்வரை, கணக்கில் வேகத்தையும் செய்தியின் கனத்தையும் பிரிக்கவே முடியாது. நாணயத்துக்கு எது பெரிய செய்தி என்று தெரியாது. அதனால்தான் அது உதவுகிறது. இரண்டு பக்கமும் எட்டு, பத்துக் காணொளி சேரும்வரை எந்த முடிவும் சொல்வதில்லை என்று எங்களுக்குள் பேசிவைத்திருக்கிறோம். சின்னச் சேனலுக்கு ஒரு ஆண்டாவது ஆகும்.

"செய்தி வந்த நேரம்" என்பதையும் யோசிக்காமல் எழுதிவிட முடியாது. புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தியது 2020 ஜூலை 17. அந்தப் படம் ஊரெல்லாம் பரவி, வழக்கும் கைதும் வந்தது அக்டோபரில். இதில் கடிகாரத்தை எங்கே தொடங்குவது? கொடுமை நடந்த நாளிலிருந்து என்றால் எல்லாருமே மூன்று மாதம் தாமதம். கூட்டம் எப்போது தேடத் தொடங்கியது என்பதுதான் பார்வைக் கணக்குக்குத் தேவை. கூகுள் டிரெண்ட்ஸில் இணையத் தேடலுக்குப் பதில் YouTube Search என்று மாற்றி, ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுப் பார்த்தால் தேடல் எந்த நாளில் எழுந்தது, எந்த நாளில் அடங்கியது என்று கோடு காட்டும். சின்ன ஊர்ப் பெயர்களுக்குச் சில சமயம் கோடே வராது. அப்போது முதல் பெரிய நாளேட்டிலோ தொலைக்காட்சியிலோ வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். எப்படிக் குறித்தாலும் எல்லாக் காணொளிக்கும் ஒரே முறையில் குறித்தால் போதும். ஆனால் ஒன்று மனதில் உறுத்துகிறது. அந்த மூன்று மாதமும் யாரும் தேடாத செய்தியாகத்தான் அது இருந்தது. தேடல் எழுந்த பிறகு ஓடுவது மட்டுமே வேகம் என்று எண்ணிவிட்டால், தேடல் எழாத ஊர்களுக்கு நாம் போகவே மாட்டோம். இந்தக் கணக்கு அதைக் காட்டாது.

கணக்கு காட்டாத இன்னொன்று, தவறு. தீர்ப்பன்று போட்ட காணொளியில் "குற்றம் சாட்டப்பட்ட பதினைந்து பேரும் தண்டிக்கப்பட்டார்கள்" என்று சொல்லிவிட்டோம். பதின்மூன்று பேர்தான். இரண்டு பேர் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஒரு சட்டக்கல்லூரி மாணவர் சுட்டிக்காட்டினார். யூடியூப்பில் ஏற்றிய காணொளியை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. நீக்கினால் பார்வை, கருத்து எல்லாம் போகும். ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டலாம், முகவரியும் எண்ணிக்கையும் மாறாது. வெட்டினோம். மேலே ஒரு திருத்தக் குறிப்பையும் ஒட்டினோம். ஆனால் இரவு பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. அவசரக் காணொளியின் பார்வைகளில் பெரும்பங்கு முதல் இரண்டு நாளில் வருவதால், தவறும் பெரும்பங்கு அந்த இரண்டு நாளிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. திருத்தம் எப்போதும் மிச்சமிருக்கிற சின்னக் கூட்டத்துக்குத்தான். இந்த விகிதத்தையும் குறிக்கிறோம்: திருத்தும் முன் எத்தனை பார்வை, திருத்திய பின் எத்தனை. வேகத்துக்கு நாம் கொடுத்த விலையை அது நேராகச் சொல்லிவிடும்.

எண் தவறுவதாவது பரவாயில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள் அல்லவா? அன்றிரவு போட்டியில் எத்தனையோ பேர் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் போட்டார்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பில் இருப்பவர்களும் சிறுவர்கள் என்றால் அவர்களுக்கும் அது பொருந்தும். ஆத்திரத்தில் இருக்கும் இரவில் இதை நினைவுபடுத்த அறையில் ஒருவர் வேண்டும். எங்கள் அறையில் காணொளியை ஏற்றுபவரும் பேசுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று வைத்திருப்பது இதற்காகத்தான். அதனால் கூடுதலாக அரை மணி ஆகிறது. ஆகட்டும்.

நிதானக் காணொளிக்கு வருவோம். முதல் ஏழு நாளில் தோற்றதுபோலத் தெரிந்த அந்த 2022 காணொளி செத்துப்போகவில்லை. அதன் தலைப்பில் "இன்று", "பரபரப்பு" என்று எதுவும் இல்லை. வழக்கின் பெயரும், "காவல்துறை எப்படி வழக்கைத் திருப்பியது" என்பதும்தான் இருந்தன. மாதாமாதம் தேடலில் இருந்து நாலு பேராக வந்துகொண்டே இருந்தார்கள். 2025 ஜனவரியில் வேங்கைவயல் வழக்கில் பாதிக்கப்பட்ட மக்களிலேயே மூன்று பேரைக் குற்றவாளிகளாக்கிக் குற்றப்பத்திரிகை தாக்கலானது என்ற செய்தி வந்தபோது, பழைய வழக்கில் என்ன நடந்தது என்று தேடியவர்கள் அங்கே வந்தார்கள். மூன்று மாதம் கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரத்தில் இன்னொரு அலை. தீர்ப்பன்று போட்ட 2021 காணொளி அந்த இரண்டு முறையும் அசையவில்லை. "இன்று தீர்ப்பு" என்று தலைப்பு வைத்தால் நாளைக்கு யார் தொடுவார்கள்? Traffic source பக்கத்தைத் திறந்து, 28 நாளுக்குப் பிறகு வந்த பார்வைகளில் YouTube search எத்தனை பங்கு என்று பாருங்கள். ஒரு காணொளிக்கு ஆயுள் இருக்கிறதா என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல அறிகுறி அதுதான்.

அதனால் வேகமா நிதானமா என்ற சண்டையை நாங்கள் இப்போது போடுவதில்லை. 2025 ஏப்ரல் 28 அன்று இரண்டு காணொளியாகப் பிரித்தோம். அன்று மாலை நான்கு நிமிடம்: என்ன தீர்ப்பு, யார் யாருக்கு, இரண்டு காவல் அதிகாரிகளைப் பற்றி முதல் ஒன்றரை நிமிடத்துக்குள். தெரிந்தது தீர்ந்ததும் நிறுத்திவிட்டோம். "தீர்ப்பைப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லி முடித்தோம். பன்னிரண்டு நாள் கழித்து, தீர்ப்பைப் படித்து இருபது நிமிடம். இரண்டாவதற்கு வந்தவர்களில் எத்தனை பேர் முதலாவதைப் பார்த்தவர்கள் என்று யூடியூப் நமக்குத் தனியாகச் சொல்லாது. ஆனால் முதல் காணொளியின் கடைசித் திரையிலிருந்து எத்தனை பேர் சொடுக்கி வந்தார்கள் என்பது தெரியும். எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஏன் என்று யோசித்தால் சிரிப்பு வந்தது. கடைசித் திரையில் இணைப்பு வைத்ததே பன்னிரண்டாம் நாள்தான். அதற்குள் முதல் காணொளியைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

அடுத்த முறை இரண்டாவதை மூன்று நான்கு நாளுக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். தீர்ப்பைப் பங்கு போட்டுப் படிக்க நாலு பேர் இருந்தால் முடியும். சிதம்பரம் பக்கம் சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகள் யாராவது இருந்தால் ஒரு செய்தி அனுப்புங்கள். அறை சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான், டீ எங்கள் செலவு.